சூடான கல்லில் தண்ணீர்த்துளி ஏன் வழுக்கி ஓடுகிறது? வீட்டு அடுப்பிலேயே செய்து பார்க்க முழு வழிகாட்டி

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் புது ஸ்டீல் சட்டியைக் காயவைத்து, தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சட்டி இன்னும் காயலியோ, தண்ணி வத்தாம உருண்டுக்கிட்டே கெடக்கு" என்றார், சொல்லிக்கொண்டே தீயைக் கூட்டவும் போனார். நான் அடுப்பை அணைக்கச் சொன்னேன். சட்டி காயாமல் இல்லை, அளவுக்கு மேல் காய்ந்திருந்தது, தண்ணீர் வற்றாததற்கும் அதுதான் காரணம்.

இந்த ஒரு விஷயத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சூடு ஏறஏற தண்ணீர் வேகமாக வற்றும் என்பது ஓர் எல்லைவரைதான் உண்மை. அந்த எல்லையைத் தாண்டினால் அதே துளி நிமிடக்கணக்கில் உயிரோடு ஓடும். லீவு நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். அவர்கள் எங்கே தவறினார்கள் என்று பார்த்துப் பார்த்து இந்த வரிசைக்கு வந்தேன், அதனால் படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் சட்டியைத் தேர்ந்தெடுங்கள்

பாதிப் பேர் தோற்பது இங்கேதான். அடி கனமான, உள்பக்கம் வழவழப்பான ஸ்டீல் சட்டி வேண்டும். வழவழப்பான வார்ப்பிரும்புக் கல்லும் சரி.

பல வருஷம் தோசை சுட்டு, கரி ஏறிச் சொரசொரப்பான கல்லில் துளி நன்றாக ஓடாது. காரணம் எளிது. ஓடும் துளி கல்லைத் தொடுவதில்லை, தன் ஆவியையே மெத்தையாக்கி அதன் மேல் மிதக்கிறது. துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும், அதைவிட உயரமான கரிமேடு ஒன்று கல்லில் இருந்தால் அது நேராகத் துளியைக் குத்திவிடும். அந்தக் கல்லிலும் ஓட வைக்கலாம், ஆனால் இன்னும் நிறையச் சூடு வேண்டும்.

மெல்லிய அலுமினியச் சட்டி வேண்டாம். துளி விழுந்த இடம் உடனே ஆறிவிடும், போதாததற்கு அடி வளைந்து நடு மேடாகி, துளிகள் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். நடுவில் லேசாகக் குழிந்த சட்டி கிடைத்தால் நல்லது, துளி அங்கேயே சுற்றிச்சுற்றி வரும், நிதானமாகப் பார்க்கலாம்.

நான்ஸ்டிக் சட்டியை இதற்குத் தொடவே கூடாது. வெறுமனே காயவைத்தால் நமக்குத் தெரியாமலேயே அந்தப் பூச்சு சிதையும் சூட்டுக்குப் போய்விடும், அப்போது கிளம்பும் புகை கெடுதலானது. கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம், வெடிக்கும்.

2. அடுப்பைப் பற்றவைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டுக்குழாய் ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீர், நொடி பார்க்க ஒரு கடிகாரம், ஒரு டார்ச். இவ்வளவுதான்.

கையால் தெளிக்காதீர்கள். தெளித்தால் பத்துத் துளி பத்து அளவில் விழும், எது எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்லவே முடியாது. சொட்டுக்குழாயில் இருபது சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கு, அதனால் எல்லாத் துளியும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். பின்னால் கணக்குப் போடவும் இது உதவும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் கொஞ்சம் கவனம் வேண்டும். கடலோரம் பல கிணறுகளில் உப்பு இருக்கும், அந்தத் தண்ணீரில் துளியின் கடைசி நேரம் வேறு மாதிரி முடியும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது. ஆனியிலும் மழை ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமும் வாய்த்த மாவட்டம் நம் கன்னியாகுமரி, ஒரு குப்பி பிடித்து வைப்பது பெரிய வேலை இல்லை.

சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலசித் துடைத்து வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சூட்டில் புகையும், தண்ணீர் பட்டால் தெறிக்கும். எண்ணெய் ஊற்றிய சட்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

3. சூட்டை ஏற்றும்போதே நான்கு கட்டத்தையும் பாருங்கள்

எடுத்த எடுப்பில் ஓடும் துளியைப் பார்க்க ஆசைப்பட்டுப் பெரிய தீயில் வைக்காதீர்கள். நடுத்தரத் தீயில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு துளி விடுங்கள். அடுத்தடுத்து விட்டால் அந்த இடம் ஆறி, தவறான விடை காட்டும்.

முதலில் துளி பரந்து ஒட்டிக்கொள்ளும், மெதுவாகக் காயும். சட்டி 100 டிகிரிக்குக் கீழே இருக்கிறது.

அடுத்து "ஸ்ஸ்" என்று இரைந்து, குமிழ்விட்டு, ஓரிரு நொடியில் காணாமல் போகும். இந்தக் கட்டம் நீளமானது. 110 டிகிரியிலும் இரையும், 150லும் இரையும். சத்தத்தை வைத்து எவ்வளவு சூடு என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு குழப்பமான இடைக்கட்டம் வரும். துளி விழுந்ததும் உடைந்து, கடுகு மாதிரி பல துளிகளாகச் சிதறி ஓடும். "வந்துட்டு, வந்துட்டு" என்று பிள்ளைகள் கத்துவது இப்போதுதான். இன்னும் வரவில்லை. துளியின் ஒரு பகுதி சட்டியைத் தொடுகிறது, தொட்ட இடம் வெடித்துக் கொதித்து மீதியைத் தூக்கி எறிகிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, ஒரு துளி விட்டால் ஒரே துளியாக, உடையாமல், சத்தமில்லாமல், பாதரசம் போல உருண்டு ஓடும். வழவழப்பான ஸ்டீலில் இது பொதுவாக 200 டிகிரியை ஒட்டி நடக்கும், பரப்பைப் பொறுத்துக் கூடும் குறையும். சத்தம் அடங்குவதுதான் நம்பகமான அடையாளம், ஆகவே கண்ணோடு காதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளப்பான ஸ்டீல் மேல் அது சூட்டை மிகக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான பரப்பு தன் வெப்பக்கதிரை அதிகம் வெளிவிடாது. துளி ஓடிக்கொண்டிருக்கும்போது கருவி 90 என்று காட்டினால் துளியை நம்புங்கள்.

4. துளியை எப்படி விடுவது

இரண்டு விரல் உயரத்திலிருந்து, மெதுவாக, ஒரே ஒரு சொட்டு.

உயரத்திலிருந்து விட்டால் விழும் வேகத்தில் துளி ஆவியைக் கிழித்துக்கொண்டு சட்டியைத் தொட்டுவிடும், தெறித்துச் சிதறும். சட்டி சரியான சூட்டில் இருந்தாலும் இப்படி ஆகும். "எனக்கு மட்டும் வரலை" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் கையைச் சட்டியிலிருந்து ஒரு சாண் மேலே வைத்துக்கொண்டிருந்தார்கள். சூட்டுக்குப் பயந்து கை தானாக மேலே போய்விடுகிறது. சொட்டுக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, சட்டியின் ஓரப்பக்கமிருந்து நீட்டினால் கையில் ஆவி அடிக்காது.

சொட்டு விழுந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். இரையும் கட்டத்தில் ஓரிரு நொடியில் போன அதே அளவுத் துளி, இப்போது ஒரு நிமிடத்தை ஒட்டி இருக்கும். இதை எழுதி வையுங்கள்.

5. ஏன் இவ்வளவு நேரம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்

துளி சட்டியை நெருங்கும்போது அதன் அடிப்பக்கம் தொடும் முன்பே ஆவியாகிறது. அந்த ஆவி வெளியேற வழி, துளியின் அடியில் உள்ள அந்த மெல்லிய இடுக்கு மட்டும்தான். போவதற்குள் அழுத்தம் கூடித் துளியைத் தூக்கிவிடுகிறது. அடியிலிருந்து ஆவி தொடர்ந்து பிறப்பதால் மெத்தை கலையாமல் நிற்கிறது. இதற்கு லைடன்ஃப்ரோஸ்ட் விளைவு என்று பெயர், 1756ல் இதை விரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவரின் பெயர் அது.

இப்போது கணக்கு. நம் துளி 0.05 கிராம். அதை 30 டிகிரியிலிருந்து 100க்குச் சூடாக்க ஏறக்குறைய 15 ஜூல் போதும். ஆனால் 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி ஆவியாக்க இன்னும் 113 ஜூல் வேண்டும். மொத்தம் 128 என்று வையுங்கள். பெரும்பங்கு ஆவியாக்கத்துக்கே போகிறது.

ஒரு நொடியில் வற்றிய துளிக்குச் சட்டி நொடிக்கு 128 ஜூல் கொடுத்திருக்கிறது. ஒரு நிமிடம் ஓடிய துளிக்கு நொடிக்கு இரண்டே ஜூல்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சட்டி முன்னைவிடச் சூடாக இருந்தும் துளிக்குக் கிடைத்த வெப்பம் அறுபதில் ஒரு பங்காகிவிட்டது! ஆவி வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரைவிட இருபது மடங்குக்கும் மேல் மந்தமானது. கூடவே, ஒட்டிக் கொதிக்கும்போது குமிழ்கள் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும், அந்த வேலையும் இங்கே நின்றுவிட்டது.

பிள்ளைகளிடம் கேட்டால் "துளி கொதிச்சுக்கிட்டே ஓடுது" என்பார்கள். குனிந்து பாருங்கள், உள்ளே ஒரு குமிழ்கூட இருக்காது. துளி 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும், அடிப்பக்கமும் மேல்தோலும் மட்டும் அமைதியாக ஆவியாகிக்கொண்டிருக்கும்.

அடியில் அவ்வளவு ஆவி எங்கிருந்து வரும் என்று சந்தேகம் வந்தால் இதையும் பாருங்கள். அந்த ஒரு சொட்டு முழுதும் ஆவியானால் 80 மில்லிலிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அரை டம்ளர் ஆவி, ஒரு சொட்டிலிருந்து.

6. இடைவெளியைக் கண்ணால் பாருங்கள்

சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, சட்டிக்கு அந்தப் பக்கம் டார்ச்சை வைத்து, இந்தப் பக்கம் கண்ணைச் சட்டியின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஒரு முழ தூரம் போதும். விளிம்பு தாழ்வான கல்தான் இதற்கு வாகு, ஆழமான சட்டியில் விளிம்பு மறைத்துவிடும்.

துளி குறுக்கே வரும்போது அடியில் முடி போல ஒரு வெளிச்சக்கோடு தெரியும். அந்தக் கோடுதான் ஆவி மெத்தை. முதல்முறை அது எனக்குத் தெரிந்தபோது நான் அடுப்பங்கரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன், துளி மூன்று தடவை கடந்து போகும்வரை எழுந்திருக்கவே இல்லை. எத்தனை படம் வரைந்து விளக்கினாலும் அந்த ஒரு கோடு சொல்வதைச் சொல்லிவிட முடியாது.

ஒரு சொட்டுக்குப் பதில் ஐந்தாறு சொட்டை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் உருண்டையாக நிற்காது, தட்டையான குளமாகும். இன்னும் பெரிதாக்கினால் அடியில் சேரும் ஆவி ஓரம்வரை போக வழியில்லாமல் நடுவைப் பொத்துக்கொண்டு மேலே வரும். நேரத்தைக் கணக்கிடும்போது ஒரே சொட்டு என்று நான் சொன்னது இதனால்தான்.

7. சரி, ஏன் ஓடுகிறது?

மிதப்பது வேறு, ஓடுவது வேறு. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

துளி எதையும் தொடவில்லை, அதனால் பிடிமானம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சாய்வு இருந்தாலே போதும், சறுக்கிவிடும். சரிபார்க்க, அடுப்பின் ஒரு காலுக்கு அடியில், தீ பற்றவைக்கும் முன்பே, மடித்த அட்டையைச் செருகிப் பாருங்கள். எல்லாத் துளியும் எதிர்ப்பக்கம் ஓடும். ஓரம் தட்டித் திரும்பி வரும், பிறகும் ஓடும், நிறுத்த ஏதும் இல்லை.

சாய்வே இல்லாத இடத்திலும் சிறிய துளிகள் தாமாகக் கிளம்பும். இதற்குக் காரணம் துளிக்கு உள்ளே இருக்கிறது. பெரிய துளிக்குள் தண்ணீர் இரு பக்கமும் சமமாகச் சுழன்றுகொண்டிருக்கும். துளி வற்றிச் சுருங்கி ஆரம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி வந்ததும் அந்தச் சமநிலை உடைந்து, முழுத்துளியும் ஒரே திசையில் சக்கரம் போல உருளத் தொடங்குகிறது. கூடவே அடியில் உள்ள மெத்தையும் ஒரு பக்கம் லேசாகச் சாய்கிறது, துளி தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் அசையாமல் நின்ற துளி கடைசிக் கட்டத்தில் திடீரென்று ஓட்டம் பிடிப்பதை நீங்களே பார்ப்பீர்கள், காற்று அடித்ததாக நினைத்து ஜன்னலை அடைக்க வேண்டாம்.

8. கடைசி நொடி

சுத்தமான தண்ணீர் என்றால் துளி சிறுத்துச் சிறுத்து, மணல் அளவுக்கு வந்ததும் மேலே எழும்பி மறையும். சிறிதாக ஆகஆக அதன் எடை, அடியிலிருந்து கிளம்பும் ஆவி தூக்கும் விசையைவிடக் குறைந்துவிடுகிறது.

கிணற்றுத் தண்ணீர் என்றால் பல நேரம் "டப்" என்று சின்னதாக வெடிக்கும். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பும் தூசும் உள்ளேயே தங்கித் திரண்டுகொண்டே போகும், கடைசியில் அந்தத் திரட்சி துளியைச் சுருங்கவிடாமல் சட்டியைத் தொடவைத்துவிடும். சட்டியில் ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சும். மழைத்தண்ணீரில் ஒன்று, கிணற்றுத் தண்ணீரில் ஒன்று என்று இரண்டு துளி விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் கிணற்றைப் பற்றியும் கொஞ்சம் தெரியவரும்.

9. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு துளி

பலரும் இதற்குள் சோதனையை முடித்துவிடுகிறார்கள். முடிக்காதீர்கள், பயனுள்ள பகுதி இதுதான்.

தீயை அணைத்து, சட்டி ஆறும்போது நாலைந்து சொட்டு ஒன்றாக விடுங்கள். அமைதியாக ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும். சட்டி இறங்கி ஒரு கட்டத்துக்கு வந்ததும், எச்சரிக்கை ஏதும் இல்லாமல், "ஷ்ஷ்ஷ்" என்று இரைந்து ஒரே வீச்சில் கொதித்துப் போகும். ஆவி போதாமல் மெத்தை சரிந்துவிட்டது. ஏறும்போது மெத்தை உருவான சூட்டைவிட, இறங்கும்போது அது சரியும் சூடு கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம், ஏற்கனவே உள்ள மெத்தை தன்னைத் தாங்கிக்கொள்ளும்.

சூடான வெறும் சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்க்கக் கூடாது என்பது இதனால்தான். முதலில் ஒன்றும் ஆகாதது போல இருக்கும், மெத்தை சரிந்ததும் மொத்தமும் மேலே தெறிக்கும். கொல்லப்பட்டறையில் பழுக்கக் காய்ந்த வெட்டுக்கத்தியைத் தண்ணீரில் முக்கும்போதும் முதலில் ஆவிப்போர்வை சுற்றிக்கொள்ளும், அது உடைந்த பிறகுதான் கொதிப்பு உக்கிரமாகும். கத்தியை முக்கி அசைத்துக்கொண்டே இருந்தால் அந்தப் போர்வை சீக்கிரம் உடைந்து, இரும்பு சீராகக் குளிரும்.

10. தோசைக்கும் சாளைக்கும் இதை வைத்து என்ன செய்வது

தோசைக்கு ஓடும் துளி வேண்டவே வேண்டாம். இரைந்து உடனே வற்றும் கட்டம்தான் வேண்டும். துளி ஓடும் சூட்டில் மாவை ஊற்றினால் பரத்தும் முன்பே அடி இறுகிவிடும், கரண்டியோடு சுருண்டு வரும். அப்போது தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, இரைச்சல் திரும்பிய பிறகு ஊற்றுங்கள்.

ஸ்டீல் சட்டியில் சாளை வறுப்பதுதான் கொஞ்சம் சிக்கல். மீன் ஒட்டாமல் இருக்க, துளி ஓடும்வரை சட்டியைக் காயவைத்து எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். நம் வீட்டில் ஊற்றுவது செக்குத் தேங்காயெண்ணெய். அது 175 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பிக்கும். 200 டிகிரிச் சட்டியில் ஊற்றினால் அடுப்பங்கரை முழுக்கப் புகை, மீனில் காறல். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்று நடக்க இருந்ததும் இதுதான்.

நாங்கள் இருவரும் செய்து பார்த்துச் சரியாக வந்த முறை இது. துளி ஓடும்வரை காயவைத்தோம், அடியெல்லாம் சீராகக் காய்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தீயை முழுதும் சிம்மில் வைத்துவிட்டு, இருபது நொடிக்கு ஒரு சொட்டு விட்டோம். முதல் இரண்டும் ஓடின. மூன்றாவது உடைந்து சிதறியது. நான்காவது இரைந்து வற்றியது. ஏறும்போது வரும் இரைச்சல் எவ்வளவு சூடு என்று சொல்லாது, ஆனால் ஓட்டம் நின்று இரைச்சல் தொடங்கும் இந்த இடம் எல்லைக்குச் சற்றுக் கீழே என்று நிச்சயமாகச் சொல்லும். அங்கே துணியால் ஒருமுறை துடைத்து, ஈரம் துளியும் இல்லை என்று பார்த்து, எண்ணெய் ஊற்றினோம். எண்ணெய் அலையலையாக நெளிந்தது, புகையவில்லை. எண்ணெய் விழுந்த பிறகு தண்ணீர்ச் சோதனை கிடையாது.

மசாலா தடவிய சாளையின் மேல் ஈரத்தைத் தட்டி எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக, ஒன்றையொன்று ஒட்டாமல் வைத்தார். ஒரே நேரத்தில் பத்து மீனை அடுக்கினால் சட்டி சட்டென்று ஆறி, ஒட்டிக்கொள்ளும், அதனால் ஐந்துதான். அசைக்காமல் விட்டார். மூன்று நிமிடம் கழித்துக் கரண்டி முனையால் வாலைத் தொட்டபோது மீன் தானாக நகர்ந்தது, தோல் முழுசாக இருந்தது, திருப்பிப் போட்டார்.